வீட்டை காலி பண்ற நோட்டீஸ், அட்வான்ஸ் ரிட்டர்ன்: அடிக்கடி கேட்கிற கேள்விகள்

சென்னைல நாலு வாடகை வீடு மாறின அனுபவத்துல எழுதறேன். நான் வக்கீல் இல்ல, ஆனா கடைசி வீட்டு ஓனர்கிட்ட அட்வான்ஸ் வாங்க பட்ட பாட்டுல சட்டத்தை உக்காந்து படிச்சேன். இதுல இருக்கிறது தமிழ்நாட்டுக்கு மட்டும்தான், குடியிருக்கிற வீட்டுக்கு மட்டும்தான். கடை, ஆபீஸ் கதை வேற.

வாட்ஸ்அப்ல "அடுத்த மாசம் காலி பண்றோம் சார்"னு சொல்லிட்டேன், ஓனரும் கட்டைவிரல் போட்டுட்டார். அது போதாதா?

ஓனர் நல்ல மூடுல இருக்கிற வரைக்கும் போதும். சிக்கல் எப்ப வரும்னா, கணக்கு பேசறப்ப "நீங்க எந்த தேதில காலி பண்றீங்கன்னு சொல்லவே இல்லையே, அடுத்த மாசம்னுதான சொன்னீங்க, நான் மாசக் கடைசின்னு நினைச்சேன்"னு ஒரு வரி வரும். அந்த ஒரு வரில உங்க அட்வான்ஸ்ல முழு மாச வாடகை போயிடும். அவர் பொய் சொல்றார்னு கூட சொல்ல முடியாது, நம்ம மெசேஜ்ல தேதியே இல்லையே.

அதனால நோட்டீஸ்ல நாலே விஷயம் இருந்தா போதும்: என்னைக்கு குடுக்கறீங்க, அக்ரிமெண்ட்ல எத்தனை நாள் நோட்டீஸ் போட்டிருக்கு, எந்த தேதில சாவி குடுப்பீங்க, அட்வான்ஸ் எவ்வளவு குடுத்தீங்க அது எப்ப எப்படி திரும்பி வரணும். காலி பண்ற காரணம் எழுதவே வேணாம். சில பேர் "மேல் மாடில சத்தம், தண்ணி வரல"ன்னு ரெண்டு பக்கம் புலம்பி எழுதுவாங்க, அதுக்கு பதில் சொல்றதுலயே ஓனர் கவனம் போயிடும், அட்வான்ஸ் பத்தின வரி அப்படியே நிக்கும்.

நோட்டீஸ் பீரியட் எப்ப இருந்து கணக்கு? ஒண்ணாம் தேதில இருந்துதான் ஆரம்பிக்கும்னு ஓனர் சொல்றார்.

முதல்ல உங்க அக்ரிமெண்ட எடுத்து அந்த வரிய படிங்க. "ஒரு மாத முன்னறிவிப்பு"ன்னு மட்டும் இருந்தா அது அவர் கைக்கு போன நாள்ல இருந்துதான் ஓடும். "ஆங்கில மாத முதல் தேதியிலிருந்து"ன்னு தனியா போட்டிருந்தா அவர் சொல்றது சரி, 5ஆம் தேதி குடுத்த நோட்டீஸ் அடுத்த 1ஆம் தேதிலதான் ஆரம்பிக்கும், அதாவது கிட்டத்தட்ட ரெண்டு மாசம் வாடகை. அந்த மாதிரி அக்ரிமெண்ட் வெச்சிருக்கறவங்க மாசக் கடைசி நாளுக்குள்ள நோட்டீஸ குடுத்துடுங்க, ஒரு நாள் தவறினா ஒரு மாசம் அவ்வளவுதான்.

அக்ரிமெண்ட்ல எதுவுமே இல்லன்னா 1882ஆம் வருஷத்து சொத்துரிமை மாற்றுச் சட்டம் 106ஆம் பிரிவு இருக்கு. மாசா மாசம் வாடகை கட்டி இருக்கிற வீட்டுக்கு ரெண்டு பக்கமும் 15 நாள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் போதும்னு சொல்லுது, அந்த 15 நாளும் நோட்டீஸ் கைக்கு கிடைச்ச நாள்ல இருந்து. கிடைச்ச நாள்ங்கிறத கவனிங்க, நீங்க எழுதின நாள் இல்ல. அதனாலதான் கிடைச்சதுக்கு ஒரு அத்தாட்சி வேணும்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

எங்க 11 மாச அக்ரிமெண்ட் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு, ரினியூ பண்ணல, வாடகை மட்டும் ஏறிட்டே இருக்கு. நாங்க எத்தனை நாள் நோட்டீஸ் குடுக்கணும்?

பாதி சென்னை இப்படித்தான் இருக்கு. ஓனர் வாடகை வாங்கிட்டே இருந்ததால மாசக் கணக்குல குடித்தனம் தொடருதுன்னுதான் எடுத்துப்பாங்க, 15 நாள் போதும்னு வாதாடலாம். ஆனா நான் பழைய அக்ரிமெண்ட்ல என்ன போட்டிருந்ததோ அதையே குடுங்கன்னுதான் சொல்வேன். 15 நாள் மிச்சம் பிடிக்கப் போய் அட்வான்ஸ் மொத்தத்துக்கும் வம்பு வளர்க்கற மாதிரி ஆயிடும், பணம் அவர் கைல இருக்கு.

லெட்டர் எப்படி எழுதறது? மாதிரி இருந்தா போடுங்களேன்.

நான் குடுத்தது கிட்டத்தட்ட இதுதான், தேதி தொகை எல்லாம் உங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

> தேதி: 03.07.2025
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> பொருள்: வாடகை வீட்டைக் காலி செய்வது மற்றும் முன்பணத்தைத் திரும்பப் பெறுவது தொடர்பாக.
>
> தங்களுடைய (முழு முகவரி) வீட்டில் 2022 ஜூலை முதல் மாதம் ரூ.16,000 வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். நமது ஒப்பந்தப்படி ஒரு மாத முன்னறிவிப்பாக இக்கடிதத்தைத் தருகிறேன். 10.08.2025 அன்று வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைப்பேன். அதுவரை உள்ள வாடகையையும் பராமரிப்புக் கட்டணத்தையும் செலுத்திவிடுகிறேன்.
>
> ஒப்பந்தத்தின்போது முன்பணமாக ரூ.80,000 தங்களிடம் செலுத்தியுள்ளேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் தாங்கள் வீட்டை வந்து பார்த்து, பிடித்தம் ஏதேனும் இருந்தால் தொகையையும் காரணத்தையும் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மீதித் தொகையை சாவி ஒப்படைக்கும் நாளன்று எனது வங்கிக் கணக்கில் செலுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து, பெயர், செல்பேசி எண், வங்கிக் கணக்கு விவரம்)

இதுல முக்கியமான வரி "வந்து பார்த்து, பிடித்தம் இருந்தா எழுத்துல சொல்லுங்க"ங்கிறதுதான். காலி பண்ணின அப்புறம் சொல்ற குறைய நம்மால சரி பண்ண முடியாது, சாவி அவர்கிட்ட இருக்கும். ஒரு வாரம் முன்னாடியே சொன்னா நம்ம பிளம்பர கூப்பிட்டு 300 ரூபாய்ல முடிக்கிற வேலை, அப்புறம் சொன்னா அவரோட பிளம்பர் 1,500 பில் போடுவார்.

எப்படி குடுக்கறது? கைல குடுத்தா வாங்க மாட்டேங்கிறார், வெளியூர்ல வேற இருக்கார்.

கைல குடுக்க முடிஞ்சா ரெண்டு பிரதி எடுத்துட்டு போய் ஒண்ணுல "பெற்றுக்கொண்டேன்"னு தேதி போட்டு கையெழுத்து வாங்குங்க. கையெழுத்துன்னாலே சில அங்கிள்களுக்கு முகம் மாறிடும், "என்னப்பா என் மேல நம்பிக்கை இல்லையா"ம்பாங்க. வற்புறுத்த வேணாம். வீட்டுக்கு வந்து லெட்டர போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பி "இன்னைக்கு நேர்ல குடுத்த லெட்டர் சார், உங்க ரெக்கார்டுக்கு"ன்னு ஒரு வரி போடுங்க, அவர் பதிலுக்கு ஓகேன்னு போட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

வாங்கவே மறுத்தாலோ வெளியூரா இருந்தாலோ அக்ரிமெண்ட்ல இருக்கிற அட்ரஸுக்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க, ரசீத பத்திரமா வெச்சு, டெலிவரி ஆனத இணையத்துல பார்த்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க. ரெண்டு பேர் பேர்ல வீடு இருந்தா ரெண்டு பேருக்கும் அனுப்புங்க. புரோக்கர்கிட்ட, வாட்ச்மேன்கிட்ட குடுத்தத மட்டும் கணக்குல சேர்க்காதீங்க.

கடைசி ரெண்டு மாச வாடகைய அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்கன்னு சொல்லிடலாமா? எல்லாரும் அப்படித்தான பண்றாங்க.

பண்றாங்கதான், அதுக்கு காரணமும் இருக்கு, பணம் திரும்பி வராதுங்கிற பயம். ஓனர் சரின்னு எழுத்துல சொன்னா தாராளமா பண்ணுங்க, ரெண்டு பேருக்கும் அதுதான் சுலபம். அவர் ஒத்துக்காம நீங்களா நிறுத்தினா அது வாடகை பாக்கிதான், நாளைக்கு பஞ்சாயத்துன்னு போனா "இவர்தான் ரெண்டு மாசம் வாடகை கட்டல"ன்னு பேச்சு உங்க பக்கம் திரும்பிடும்.

என்னோட கணிப்பு, அஞ்சு மாசம் பத்து மாசம் அட்வான்ஸ் குடுத்து மாட்டிக்கிட்டவங்க நோட்டீஸ் லெட்டர்லயே "கடைசி மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ள தங்கள் சம்மதத்தைத் தெரிவிக்கவும்"னு கேட்டுப் பார்க்கலாம். கேக்கறதுல தப்பில்ல, அவர் மாட்டேன்னா வாடகைய கட்டிடுங்க.

சட்டப்படி அட்வான்ஸ் எத்தனை நாளுக்குள்ள தரணும்? "புதுசா ஆள் வந்து அட்வான்ஸ் குடுத்தாத்தான் உங்களுக்கு தர முடியும்"ங்கிறார்.

இது எனக்கும் சொன்னாங்க. நம்ம அட்வான்ஸ எடுத்து ஏதோ செலவு பண்ணிட்டாங்க, கைல காசு இல்ல, அதோட அர்த்தம் அவ்வளவுதான். தமிழ்நாட்டுக்கு 2017ல ஒரு புது வாடகை சட்டம் போட்டாங்க, 2019 பிப்ரவரி 22ல இருந்து அமல்ல இருக்கு, பழைய 1960 வாடகை கட்டுப்பாட்டு சட்டத்துக்கு பதிலா வந்தது. அதோட 11ஆம் பிரிவு, காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, வாடகைதாரர் குடுக்க வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தா கழிச்சுக்கிட்டு, முன்பணத்த திருப்பி தரணும்னு சொல்லுது. புது ஆள் வரணும்ங்கிற பேச்சே அதுல இல்ல.

அதே பிரிவுல மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னும் இருக்கு. உடனே சந்தோஷப்படாதீங்க, "வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல"ன்னு முன்னாடி ஒரு கொக்கி இருக்கு. நான் அஞ்சு மாசத்துக்கு கையெழுத்து போட்டேன், அதனால அந்த வரி எனக்கு உதவல.

பெயிண்டிங்குக்குன்னு ஒரு மாச வாடகைய பிடிச்சுக்கறாங்களே, அது நியாயமா?

சென்னைல பெரும்பாலான சண்டை இந்த ஒரு வரிலதான் வரும், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

2017 சட்டத்தோட இரண்டாம் அட்டவணைல யார் எந்த ரிப்பேர் பார்க்கணும்னு பிரிச்சு போட்டிருக்காங்க. சுவருக்கு வெள்ளையடிக்கறது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், தேவைப்பட்டா குழாய் லைன் மாத்தறது, வயரிங், இதெல்லாம் வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாஷர், டேப் மாத்தறது, சாக்கடை அடைப்பு, சிங்க், வாஷ்பேசின், கீசர் ரிப்பேர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், பூட்டு கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, இதெல்லாம் நம்ம பக்கம். ஆனா இதுவும் அக்ரிமெண்ட்ல வேற மாதிரி எழுதாத வரைக்கும்தான். "காலி செய்யும்போது வண்ணப்பூச்சுக்காக ஒரு மாத வாடகை பிடித்தம் செய்யப்படும்"னு இருந்து நீங்க கையெழுத்து போட்டிருந்தா அத விட்டுடுங்க, அடுத்த வீட்டு அக்ரிமெண்ட்ல அந்த வரிய அடிக்க சொல்லுங்க.

அந்த வரி இல்லன்னா, "வழக்கமா எல்லாரும் பிடிக்கிறதுதான்"ங்கிறது காரணம் ஆகாது. மூணு வருஷம் மனுஷங்க குடியிருந்தா சுவர் மங்கத்தான் செய்யும், சாதாரண தேய்மானத்துக்கு குடியிருந்தவர் பொறுப்பில்லன்னு சொத்துரிமை மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவுலயே இருக்கு. ஆனா நீங்க ஏசி மாட்ட சுவர்ல ஓட்டை போட்டது, குழந்தை ஹால் முழுக்க கிரையான்ல வரைஞ்சது, பூஜை அலமாரி மேல எண்ணெய்க் கரி படிஞ்சது, இது தேய்மானத்துல வராது. அதுக்கு காசு கேட்டா குடுக்கறதுதான் நியாயம். எது எதுன்னு பிரிக்க ஒரே ஆதாரம் நீங்க குடி வந்த அன்னைக்கு எடுத்த போட்டோதான். எடுக்கலன்னா இப்பவாவது காலி பண்ற அன்னைக்கு சாமான் எல்லாம் ஏத்தினதுக்கு அப்புறம் ஒவ்வொரு ரூமா ஒரே வீடியோவா எடுங்க, குழாய திறந்து மூடி, லைட்ட போட்டு அணைச்சு காட்டுங்க.

கணக்கு எப்படி பார்க்கறது? நிஜ உதாரணம் ஒண்ணு சொல்லுங்க.

என் கதையே சொல்றேன். வாடகை 16,000, அட்வான்ஸ் 80,000, மெயின்டனன்ஸ் 1,500. ஜூலை 3 நோட்டீஸ், ஆகஸ்ட் 10 ஞாயித்துக்கிழமை காலி. ஓனர் முதல்ல ஒரு பேப்பர்ல எழுதி குடுத்தது இது: ஆகஸ்ட் முழு வாடகை 16,000, பெயிண்டிங் 16,000, மெயின்டனன்ஸ் 1,500, கரண்ட் 2,000, கிளீனிங் 3,000, ஆக 38,500 போக 41,500 தரேன். அட்வான்ஸ்ல கிட்டத்தட்ட பாதி போச்சு. வீட்டம்மா முகத்த பார்க்கணுமே.

ஒவ்வொண்ணா உக்காந்து பேசினோம். வாடகை, நோட்டீஸ்ல தேதி தெளிவா இருந்ததால 31 நாள்ல 10 நாளுக்கு 5,161 ரூபாய்தான். அக்ரிமெண்ட்ல "மாதத்தின் எந்த நாளில் காலி செய்தாலும் முழு வாடகை"ன்னு எங்கயும் இல்ல, இருந்திருந்தா நான் தோத்திருப்பேன். மெயின்டனன்ஸ் அசோசியேஷன் முழு மாசமா வசூலிக்கிறது, அதனால 1,500 சரின்னு விட்டேன்.

கரண்ட்லதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கறதால நடுவுல காலி பண்றப்ப பில்லே வந்திருக்காது, ஓனர் குத்துமதிப்பா ஒரு ரவுண்ட் தொகை சொல்வார். எங்களுக்கு ஜூலை 20 ரீடிங் எடுத்து 1,200 ரூபாய் பில் வந்திருந்தது, அதுக்கு முன்னாடி பில்லும் அதே அளவுதான். 60 நாளுக்கு 1,200ன்னா ஒரு நாளைக்கு 20, ஆகஸ்ட் 10 வரைக்கும் 21 நாளுக்கு 420. யூனிட் போட்டு பார்த்தா ஸ்லாப், இலவச யூனிட் எல்லாம் அடுத்து வர்றவங்களோட கலந்து தலை சுத்தும், பழைய பில் சராசரிதான் ரெண்டு பேருக்கும் புரியற கணக்கு. அன்னைக்கு மீட்டர போட்டோவும் எடுத்து வெச்சேன்.

பெயிண்டிங்ல, என் பொண்ணு ஒரு பெட்ரூம் சுவர்ல கைவரிசை காட்டியிருந்தா, அந்த ஒரு சுவருக்கும் ஆணி ஓட்டைகளுக்கும் சேர்த்து 2,500. உடைஞ்ச ஜன்னல் கண்ணாடி 600. கிளீனிங் 3,000 ஒத்துக்கல, நாங்களே ஆள் வெச்சு பெருக்கி துடைச்சு வீடியோ எடுத்திருந்தோம். மொத்தம் 10,181 பிடித்தம், கைக்கு வந்தது 69,819. ரெண்டு கணக்குக்கும் வித்தியாசம் 28,000 ரூபாய்க்கு மேல. ஒரு குரல் கூட உசரல, அவர் போட்ட காபி குடிச்சுக்கிட்டுதான் பேசினோம்.

சாவிய முதல்ல குடுக்கணுமா, பணம் வந்தாத்தான் குடுக்கணுமா?

ஒரே நாள்ல ஒரே இடத்துல ரெண்டும் நடக்கற மாதிரி வெச்சுக்கோங்க. பணம் வர்ற வரைக்கும் சாவி தர மாட்டேன்னு ரெண்டு மாசம் கைல வெச்சிருந்தா, "வீடு இன்னும் உங்க வசம்தான் இருக்கு, வாடகை ஓடுது"ன்னு அவர் சொல்ல இடம் குடுத்த மாதிரி. அட்வான்ஸே கரைஞ்சுடும்.

அன்னைக்கு அவரால முழுசா தர முடியலன்னா சாவிய குடுத்துட்டு ஒரு சின்ன பேப்பர் எழுதி வாங்குங்க: இன்ன தேதில வீடு காலியா சாவியோட என்கிட்ட வந்தாச்சு, பிடித்தம் போக இவ்வளவு பாக்கி, இந்த தேதிக்குள்ள தரேன். கையெழுத்து. தேதி போட்ட செக் குடுத்தா இன்னும் நல்லது, ஆனா செக்குக்கு மூணு மாசம்தான் ஆயுசு, "இப்ப போடாதீங்க, இன்னும் கொஞ்ச நாள்"னு இழுத்தடிச்சே காலாவதி ஆக்கறவங்க உண்டு. அத்தனை சாவியும் எண்ணி எழுதுங்க, ஒரு டூப்ளிகேட் சாவி காணோம்னு மூணு பூட்டு காசு கேட்ட கதையும் நடந்திருக்கு.

ஒரு மாசம் தாண்டிடுச்சு, போன் எடுக்கவே மாட்டேங்கிறார். இப்ப என்ன பண்றது?

முதல்ல ரெண்டாவது லெட்டர், ஸ்பீட் போஸ்ட்ல. காலி பண்ணின தேதி, பாக்கி தொகை, இன்னும் 15 நாளுக்குள்ள வரலன்னா சட்டப்படி போவேன்னு நாலு வரி. அதுக்கும் பதில் இல்லன்னா வக்கீல் நோட்டீஸ். எனக்கு தெரிஞ்ச நாலஞ்சு பேருக்கு வக்கீல் நோட்டீஸ் போனதும் பணம் வந்துடுச்சு, கோர்ட் வரைக்கும் போனது ஒருத்தர்தான்.

அதுக்கு மேல போனா, அக்ரிமெண்ட் எப்படி இருக்குங்கிறதுல விஷயம் இருக்கு. 2017 சட்டப்படி வாடகை அக்ரிமெண்ட எழுதி வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும், அதுக்கு tenancy.tn.gov.in தளம் இருக்கு. அப்படி பதிவு பண்ணினவங்களுக்கு அந்த சட்டத்து வழி நேரா இருக்கும். பத்து பேர்ல ஒன்பது பேர் வெச்சிருக்கற மாதிரி பத்திரத்துல டைப் அடிச்சு பதிவு பண்ணாத அக்ரிமெண்ட்டுன்னா அங்க நம்ம நிலை பலவீனம்தான், பணம் வசூலுக்கு சிவில் கோர்ட்ல வழக்கு போடற பழைய வழிய வக்கீல் சொல்வார், அதுக்கு மூணு வருஷ காலக்கெடு இருக்கு. அட்வான்ஸ் ரொக்கமா குடுத்து ரசீது இல்லன்னா, அக்ரிமெண்ட்ல தொகை எழுதியிருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க. நோட்டீஸ் லெட்டர்ல தொகைய எழுதச் சொன்னது இதுக்கும்தான், அதுக்கு அவர் ஓகேன்னு போட்ட வாட்ஸ்அப் பதில அழிச்சுடாதீங்க, போன் மாத்தறப்ப பேக்கப் எடுங்க.

போலீஸ் ஸ்டேஷனுக்கு போகலாமான்னு கேக்கறாங்க. போனா "சிவில் மேட்டர், கோர்ட்டுக்கு போங்க"ம்பாங்க. உங்க சாமான உள்ள வெச்சு பூட்டிட்டாங்க, மிரட்டறாங்கன்னா மட்டும் அங்க போங்க.